பற்றும் வரவும் ஒத்துப்போகும் கடிதம்

(வணிக ஆங்கிலத் தேர்வுக்கான மாதிரி வேலை விண்ணப்பத்தை வகுப்பில் உருவாக்குவது குறித்து, பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அமர்வில் ஒரே ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறோம். ஜூனியர் அக்கவுன்டன்ட் பணிக்கு எழுதும் விண்ணப்பக் கடிதம். மேல்நிலை வகுப்பு ஆங்கிலத் தாளிலும், கல்லூரியில் எழுதும் வணிக ஆங்கிலத் தேர்வுகளிலும் மாணவர்கள் அடிக்கடி சந்திக்கும் வினா இது. சிறிய விளம்பரம் ஒன்றைக் கொடுத்து, அதில் கேட்டிருக்கும் தகுதிகள் உங்களுக்கு இருப்பதாகக் கொண்டு விண்ணப்பம் எழுதுக என்பார்கள். வணிகவியல் பிரிவு மாணவர்களுக்கு இது தேர்வோடு முடிகிற விஷயமும் இல்லை. நான்கைந்து ஆண்டுகளில் அவர்களில் பலர் இதே கடிதத்தை உண்மையாகவே எழுதப் போகிறார்கள்.

நம் மாணவர்கள் இப்போது எழுதும் கடிதம் எப்படி இருக்கிறது? விடைத்தாள் திருத்திய எல்லோருக்கும் அது மனப்பாடம். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கும். 'ஐ கேம் டு நோ த்ரூ யுவர் அட்வர்டைஸ்மென்ட்' என்று போகும். 'ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கிங் அண்ட் சின்சியர் பர்சன்' என்று ஒரு வரி. கடைசியில், 'எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் மேலதிகாரிகளின் முழுத் திருப்திக்கு ஏற்பப் பணியாற்றுவேன்' என்ற பொருளில் ஒரு நீண்ட ஆங்கில வாக்கியம். எழுத்துப்பிழை இருக்காது, வடிவமும் சரியாக இருக்கும். கையேட்டில் உள்ளபடியே இருக்கும்.

அந்தக் கடிதத்தில் 'ஜூனியர் அக்கவுன்டன்ட்' என்று வரும் இடத்தை அடித்துவிட்டு 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று எழுதிப் பாருங்கள். வேறு ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்காது. 'செக்யூரிட்டி ஆபீசர்' என்று எழுதினாலும் பொருந்தும். எல்லாப் பணிக்கும் பொருந்துகிற கடிதம் எந்தப் பணியைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள். படிக்கும் மேலாளருக்கு, இவருக்குக் கணக்கு எழுதத் தெரியுமா என்பது கடைசி வரி வரை தெரியாது.

ஆகவே மாதிரிக் கடிதத்தைக் கையேட்டிலிருந்து கொடுக்காமல், விளம்பரத்திலிருந்து வகுப்பிலேயே கட்டி எழுப்பும் வழியைச் சொல்கிறேன். அதற்கான கருவி வணிகவியல் மாணவரின் கையிலேயே இருக்கிறது. பேரேட்டுக் கணக்குதான் அது. ஆங்கில எழுத்து டி வடிவில், நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று எழுதுகிறார்களே, அந்த வடிவம்.

விளம்பரத்தை இரு பக்கமாகப் பிரித்தல்

வகுப்புக்காக நாமே ஒரு விளம்பரத்தை உருவாக்கிக்கொள்வோம். ஈரோட்டில் உள்ள ஜவுளி மொத்த வணிக நிறுவனம் ஒன்றுக்கு ஜூனியர் அக்கவுன்டன்ட் தேவை. பி.காம். தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். டேலியில் பதிவு செய்யத் தெரிய வேண்டும். வங்கிச் சரிக்கட்டும் பட்டியலும் ஜிஎஸ்டி மாதாந்திர விவரமும் தயாரித்ததில் குறைந்தது ஓராண்டு அனுபவம் வேண்டும். வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தெரிய வேண்டும். பத்து நாள்களுக்குள் கணக்கு மேலாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். விளம்பரம் வந்த நாள் 3 ஜூன் 2024 என்று வைத்துக்கொள்வோம்.

மாணவர் முதலில் கடிதத்தைத் தொடங்கக் கூடாது. தாளில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் நிறுவனம் கேட்பவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். பட்டம், டேலி, வங்கிச் சரிக்கட்டல், ஜிஎஸ்டி, ஆங்கிலக் கடிதம் என்று ஐந்து வரிகள் வரும். வலப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது தன்னிடம் இருப்பதற்கான சான்றை எழுத வேண்டும். சான்று என்றால் எண்ணிச் சொல்லக்கூடியது, அல்லது கேட்டுச் சரிபார்க்கக்கூடியது. 'டேலி நன்றாகத் தெரியும்' என்பது சான்று ஆகாது. 'ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 வவுச்சர்களை டேலியில் பதிகிறேன்' என்பது சான்று.

தேர்வில் தகுதிகள் இருப்பதாகக் கொண்டு எழுதச் சொல்கிறார்கள் அல்லவா? எனவே மாணவர் கற்பனையாக ஒரு விண்ணப்பதாரரை உருவாக்கலாம். நம் விண்ணப்பதாரரை இப்படி அமைப்போம். 2019-இல் மேல்நிலைத் தேர்வு முடித்தவர். 2022-இல் 72 சதவீத மதிப்பெண்ணோடு பி.காம். முடித்தவர். 2022 ஜூலை 4 முதல் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு உதவியாளராக இருக்கிறார். அந்தக் கடைக்கு இரண்டு வங்கிக் கணக்குகள் உண்டு. மாத இறுதியில் இரண்டுக்கும் சரிக்கட்டும் பட்டியல் தயாரிப்பவர் இவர்தான். விற்பனை விவரங்களைத் தொகுத்துத் தருகிறார், படிவத்தைத் தாக்கல் செய்வது ஆடிட்டர் அலுவலகம். பணம் தர வேண்டிய வாடிக்கையாளர்களுக்கு வாரந்தோறும் மின்னஞ்சல் அனுப்புகிறார்.

இப்போது இரு பக்கத்தையும் பாருங்கள். இடப்பக்கத்தில் உள்ள ஐந்துக்கும் எதிரே ஐந்து சான்றுகள் இருக்கின்றன. இடப்பக்கம் கேட்காத எதையும் வலப்பக்கம் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டியில் வாங்கிய பரிசு, கிரிக்கெட், பொழுதுபோக்கு எல்லாம் தன்விவரக் குறிப்புக்குப் போகட்டும். கடிதத்தில் அவற்றுக்கு இடம் இல்லை.

பத்தி பத்தியாகக் கடிதம்

இந்தக் கணக்கு தயாரான பிறகு கடிதம் எழுதுவதில் பெரிய சிரமம் இல்லை. மூன்று பத்திகள் போதும்.

முதல் பத்தி ஒரே வாக்கியம். எந்தப் பணி, விளம்பரம் எப்போது வந்தது என்பது மட்டும். 'ஐ வுட் லைக் டு அப்ளை ஃபார் தி போஸ்ட் ஆஃப் ஜூனியர் அக்கவுன்டன்ட் அட்வர்டைஸ்ட் ஆன் 3 ஜூன் 2024.' ஒரு நிறுவனம் ஒரே வாரத்தில் மூன்று பணிகளுக்கு விளம்பரம் கொடுத்திருக்கலாம். கடிதங்களைப் பிரித்து அடுக்குபவருக்கு இந்த ஒரு வரி போதும். 'விளம்பரம் மூலம் தெரிய வந்தேன்' என்ற சுற்றுவழி வாக்கியத்துக்கு இங்கே வேலை இல்லை.

இரண்டாம் பத்திதான் கடிதத்தின் உடல். நாம் போட்ட கணக்கின் வலப்பக்கம் இங்கே, விளம்பரம் கேட்ட வரிசையிலேயே வரும். 'ஐ கம்ப்ளீட்டட் மை பி.காம். இன் 2022 வித் 72 பெர்சென்ட்' என்று பட்டத்தில் தொடங்கலாம். அடுத்து, 'ஐ ஹாவ் வொர்க்ட் சின்ஸ் ஜூலை 2022 ஆஸ் அன் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட் இன் எ ஹார்டுவேர் ஸ்டோர்.' பிறகு வேலையின் விவரம்: 'ஐ என்டர் அபௌட் 40 வவுச்சர்ஸ் எ டே இன் டேலி அண்ட் ப்ரிப்பேர் தி பேங்க் ரிகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்ஸ் ஃபார் டூ அக்கவுன்ட்ஸ் எவ்ரி மன்த்.' பிறகு ஜிஎஸ்டி: 'ஐ கம்பைல் தி சேல்ஸ் டேட்டா ஃபார் ஜிஎஸ்டிஆர்-1, விச் அவர் ஆடிட்டர் ஃபைல்ஸ்.' கடைசியாக மின்னஞ்சல்: 'ஐ ஆல்சோ ரைட் டு கஸ்டமர்ஸ் இன் இங்கிலிஷ் எவ்ரி வீக் அபௌட் ஓவர்டியூ பேமென்ட்ஸ்.'

ஐந்து வாக்கியங்கள். ஒன்றில்கூடப் புகழ்ச்சிச் சொல் இல்லை. ஆனாலும் இவர் உழைப்பவர், ஒழுங்கானவர் என்பது படிப்பவருக்குத் தானே விளங்கும். இரண்டு வங்கிக் கணக்குகளுக்கு மாதம் தவறாமல் பட்டியல் தயாரிப்பவரைப் பொறுப்பற்றவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

மூன்றாம் பத்தி, அடுத்து நடக்க வேண்டியதைச் சொல்கிறது. எப்போது பணியில் சேர முடியும், எப்போது நேர்காணலுக்கு வர முடியும், என்ன இணைத்திருக்கிறோம். நம் விண்ணப்பதாரர் இப்போது வேலையில் இருக்கிறார். ஆகவே 'உடனே சேர்கிறேன்' என்று எழுதினால், இப்போதைய முதலாளியைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுவார் போலிருக்கிறதே என்று தோன்றும். 'ஐ கேன் ஜாயின் ஆஃப்டர் கிவிங் ஒன் மன்த்ஸ் நோட்டீஸ்' என்பதே பொருத்தம். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று முடிக்கலாம்.

வினைச்சொல்லில் இருக்கும் பொறுப்பு

மேலே உள்ள கடிதத்தில் ஜிஎஸ்டி பற்றிய வாக்கியத்தை மீண்டும் பாருங்கள். 'கம்பைல்' என்று எழுதினோம், தொகுக்கிறேன் என்று பொருள். 'ஃபைல்' என்று எழுதவில்லை. தாக்கல் செய்பவர் ஆடிட்டர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டோம். மாணவர்களுக்கு இது ஒரு குறை போலத் தோன்றும். 'சார், நானே ஃபைல் பண்றேன்னு எழுதினா இன்னும் நல்லா இருக்குமே' என்று கேட்பார்கள்.

இந்த இடத்தில்தான் வணிக ஆங்கிலத்தின் நுட்பத்தைக் கற்பிக்க முடியும். வேலை விண்ணப்பத்தில் ஒவ்வொரு வினைச்சொல்லும் ஓர் உரிமைகோரல். 'அசிஸ்ட்' என்றால் வேறொருவர் செய்தார், நான் உதவினேன். 'ப்ரிப்பேர்' என்றால் நானே தயாரித்தேன், வேறொருவர் சரிபார்த்திருக்கலாம். 'செக்' என்றால் மற்றவர் தயாரித்ததை நான் சரிபார்த்தேன். 'ஃபைல்' என்றால் அரசிடம் நானே தாக்கல் செய்தேன். 'மேனேஜ்' என்றால் பொறுப்பு என்னுடையது, எனக்குக் கீழே ஆள்கள் இருந்திருக்கலாம். இந்தச் சொற்களை ஒத்த பொருள் சொற்கள் என்று பட்டியல் போட்டுக் கற்பித்துவிடுகிறோம். கணக்கு அலுவலகத்தில் அவை வெவ்வேறு நாற்காலிகள்.

பெரிய வினைச்சொல்லைப் போட்டவர் எங்கே மாட்டிக்கொள்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதந்தோறும் தாக்கல் செய்யும் வணிகர் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வரி செலுத்தும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதி. இந்த இரண்டையும் உண்மையாகவே செய்தவருக்கு இந்தத் தேதிகள் வீட்டு வாடகை தேதி மாதிரி மனத்தில் பதிந்திருக்கும். 'நானே தாக்கல் செய்கிறேன்' என்று எழுதியவரிடம் மேலாளர் முதலில் கேட்பது, 'கடைசித் தேதி என்ன?' என்பதாகத்தான் இருக்கும். பதில் வராவிட்டால், கடிதத்தில் உள்ள உண்மையான நான்கு வாக்கியங்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். 'விவரம் தொகுக்கிறேன், ஆடிட்டர் தாக்கல் செய்கிறார்' என்று எழுதியவருக்கு அந்த ஆபத்து இல்லை. இளநிலைப் பணிக்கு நிறுவனம் எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் அவ்வளவுதான்.

வங்கிச் சரிக்கட்டல் பற்றிய வாக்கியத்துக்கும் இப்படி ஒரு கேள்வி காத்திருக்கிறது. மேலாளர் ஒரு தாளைத் தள்ளி, 'மாதக் கடைசியில் நம் ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியில் இருப்பு 48,200 ரூபாய். வங்கி அறிக்கையில் 57,350 ரூபாய். எங்கே வித்தியாசம்?' என்று கேட்கலாம். வித்தியாசம் 9,150 ரூபாய். நாம் கொடுத்த காசோலைகளில் 11,500 ரூபாய்க்கு உரியவை இன்னும் வங்கிக்கு வரவில்லை என்றால், வங்கி அந்தத் தொகையைக் கழித்திருக்காது. ஆகவே 48,200-உடன் 11,500-ஐக் கூட்ட வேண்டும், 59,700 வரும். நாம் செலுத்திய 2,000 ரூபாய்க் காசோலை ஒன்று இன்னும் வசூலாகவில்லை. அதைக் கழித்தால் 57,700. வங்கி எடுத்துக்கொண்ட கட்டணம் 350 ரூபாயை நாம் இன்னும் ஏட்டில் எழுதவில்லை. அதையும் கழித்தால் 57,350. கணக்கு ஒத்துப்போகிறது.

இதை ஆங்கில வகுப்பில் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். 'ப்ரிப்பேர்' என்ற சொல்லை எழுதிய மாணவருக்கு அந்தச் சொல் எதற்குப் பொறுப்பேற்கிறது என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான். பள்ளியில் வணிகவியல் ஆசிரியர் இருந்தால் அவரை ஒரு பாடவேளைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில ஆசிரியர் வாக்கியத்தைச் சரிபார்க்கட்டும், அவர் வாக்கியத்தின் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கட்டும். அந்த ஒரு பாடவேளையில் மாணவர்கள் தங்கள் கடிதத்தில் தாங்களே அடித்துத் திருத்திக்கொள்ளும் சொற்கள் பல இருக்கும்.

வலப்பக்கத்தில் ஒரு வரி காலியாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். தேர்வில் தகுதி இருப்பதாகக் கொள்ளச் சொல்வதால் இந்தச் சிக்கல் வராது. உண்மையான விண்ணப்பத்தில் வரும். ஜிஎஸ்டி வேலையே செய்திராதவர், அதற்கு மிக அருகில் தான் செய்த வேலையை எழுதலாம்: 'ஐ கீப் தி சேல்ஸ் ரிஜிஸ்டர் வித் டாக்ஸ் ஷோன் செப்பரேட்லி.' விற்பனைப் பதிவேட்டில் வரியைத் தனிப் பத்தியில் காட்டி எழுதுகிறேன் என்று பொருள். அதுவும் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிட வேண்டும். 'ஐ ஆம் எ குயிக் லேர்னர்' என்று எழுதி அந்த இடத்தை நிரப்பக் கூடாது. கற்றுக்கொள்வேன் என்று யாரும் எழுதலாம் என்பது மேலாளருக்குத் தெரியும்.

ஒத்துப்போகாத எண்கள்

கணக்காளர் வேலைக்கு வரும் கடிதத்தில் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், மற்றப் பணிகளைவிட இங்கே அது பெரிய குறை. கடிதமே அவருடைய வேலையின் முதல் மாதிரி அல்லவா? திருத்தும்போது நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, கடிதத்தின் தேதி. அது விளம்பரத் தேதிக்குப் பிறகும், கடைசி நாளுக்கு முன்பும் இருக்க வேண்டும். நம் விளம்பரம் ஜூன் 3, பத்து நாள் அவகாசம். ஆகவே ஜூன் 7 என்று எழுதினால் சரி. மாணவர்கள் பெரும்பாலும் தேர்வு நாளின் தேதியை எழுதிவிடுவார்கள். மார்ச் மாதத்தில் தேர்வு எழுதி, ஜூன் மாத விளம்பரத்துக்கு மார்ச் தேதியில் விண்ணப்பிப்பார்கள்.

இரண்டாவது, அனுபவக் காலம். 2022 ஜூலை 4 முதல் 2024 ஜூன் 7 வரை ஓராண்டு பதினொரு மாதம் ஆகிறது. 'டூ இயர்ஸ்' என்று எழுதினால் ஏறக்குறைய நான்கு வாரம் மிகுதி. 'நியர்லி டூ இயர்ஸ்' என்று எழுதலாம். 'சின்ஸ் ஜூலை 2022' என்று தொடக்க மாதத்தைச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. கூட்டிப் பார்க்கிற வேலை படிப்பவருடையது.

மூன்றாவது, படிப்பின் ஆண்டுகள். மேல்நிலை 2019, மூன்றாண்டுப் பட்டம் 2022 என்றால் சரியாக இருக்கிறது. பட்டம் 2021 என்று எழுதிய மாணவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, 'இரண்டே ஆண்டில் பி.காம். முடித்தது எப்படி?' என்பதுதான்.

நான்காவது, இணைப்புகள். கடிதத்தில் மூன்று இணைப்புகள் என்று சொன்னால் கீழே 'என்க்ளோஷர்ஸ்' பட்டியலிலும் மூன்றே இருக்க வேண்டும். நம் விண்ணப்பதாரருக்குத் தன்விவரக் குறிப்பு, பட்டச் சான்றிதழ் நகல், மதிப்பெண் பட்டியல் நகல் என்று மூன்று. இவர் இன்னும் பணியில் இருப்பதால் அனுபவச் சான்றிதழை இணைக்கவில்லை. அதைப் பொதுவாகப் பணியிலிருந்து விலகும்போதுதான் தருவார்கள். இந்தச் சிறு விவரத்தை மாணவர் சிந்தித்து எழுதியிருந்தால், கடிதம் ஒரு மனிதரைப் பற்றியதாக மாறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

மொழியில் பார்க்க வேண்டியவை

இலக்கணத்தில் நிறையச் சொல்லலாம். இந்தக் கடிதத்துக்கே உரிய மூன்று பிழைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று, காலம். 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று நம் மாணவர்கள் எழுதுகிறார்கள். 'இரண்டு ஆண்டாக வேலை செய்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதால் வருகிற பிழை இது. கடந்த காலத்தில் தொடங்கி இன்னும் தொடர்வதை ஆங்கிலம் 'ஐ ஹாவ் வொர்க்ட்' அல்லது 'ஐ ஹாவ் பீன் வொர்க்கிங்' என்றுதான் சொல்லும். அதோடு, தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்', கால அளவுக்கு 'ஃபார்'. 'சின்ஸ் ஜூலை 2022' என்பதும் 'ஃபார் நியர்லி டூ இயர்ஸ்' என்பதும் சரி. தமிழில் ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று விளக்கிவிட்டால் மாணவர்கள் பிழையை எளிதில் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டு, 'லுக் ஃபார்வர்ட் டு ஹியர்' என்பது. இங்கே 'டு' என்பது முன்னிடைச்சொல். ஆகவே அடுத்து 'ஹியரிங்' என்று வர வேண்டும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்று பெயர்ச்சொல்லைப் போட்டுப் பார்த்தால் பொருந்துகிறது அல்லவா? பெயர்ச்சொல் பொருந்தும் இடத்தில் 'இங்' வடிவம் வரும் என்று அந்தச் சோதனையையே கற்றுக்கொடுங்கள்.

மூன்று, தொடக்கமும் முடிவும். பெயர் தெரியாமல் 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கினால் முடிவு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. பெயர் தெரிந்து, பெயரிட்டு அழைத்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றும் வணிக ஆங்கிலத் தேர்வுகளில் இந்த இணையைப் பார்ப்பார்கள். 'யுவர்ஸ்' என்ற சொல்லில் மேற்கொட்டு வராது. இரண்டாம் சொல் சிறிய எழுத்தில் தொடங்கும். 'ரெஸ்பெக்டட் சார்' நம் நாட்டு வழக்கு. மேலாளர் பெண்ணாக இருந்துவிட்டால் 'சார்' என்பதும் பொருந்தாது.

மதிப்பிடும் முறை

இறுதியாக, இந்தக் கடிதத்தை வகுப்பில் எப்படி மதிப்பிடுவது? பொதுத்தேர்வில் மதிப்பெண் பகிர்வு நம் கையில் இல்லை. முகவரி, தேதி, விளிப்பு, முடிவு என்ற வடிவத்துக்கு அங்கே மதிப்பெண் உண்டு. ஆகவே வடிவத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. பெயருக்கும் முகவரிக்கும் வினாத்தாளில் என்ன எழுதச் சொல்லியிருக்கிறார்களோ அதையே எழுத வேண்டும், சொந்த விவரம் எழுதக் கூடாது என்பதையும் நினைவூட்ட வேண்டும். வகுப்புத் தேர்வில் மட்டும் ஒரு வேலை கூடுதலாகச் செய்யுங்கள். விடைத்தாளை விளம்பரத்தோடு பக்கத்தில் வைத்து, விளம்பரம் கேட்ட ஒவ்வொன்றுக்கும் கடிதத்தில் பதில் இருக்கும் இடத்தில் ஒரு டிக் போடுங்கள். எந்தக் கேள்விக்கும் பதிலாக அமையாத வாக்கியத்தை அடிக்கோடிடுங்கள். மதிப்பெண் போடாமல் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் மாணவருக்குப் புரிந்துவிடும்.

அதற்கு அடுத்த வாரம் அதே விளம்பரத்தில் ஒரே ஒரு வரியை மாற்றுங்கள். ஜிஎஸ்டிக்குப் பதிலாக, 'ஊழியர் 30 பேருக்குச் சம்பளப் பட்டியல் தயாரிக்கத் தெரிய வேண்டும்' என்று எழுதுங்கள். மனப்பாடம் செய்த மாணவரின் கடிதம் மாறாது. பேரேட்டுக் கோடு போட்டுச் சிந்தித்தவரின் கடிதத்தில் ஒரு வாக்கியம் மாறும்: வருகைப் பதிவேட்டிலிருந்து நாள்களைக் கணக்கிட்டு, முன்பணமும் வைப்புநிதிப் பிடித்தமும் கழித்து, மாதந்தோறும் சம்பளப் பட்டியல் தயாரிப்பதாக அவர் எழுதியிருப்பார். இரண்டாவது வகைக் கடிதம் எத்தனை பேரிடமிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மீதிப் பேரை மட்டும் தனியே உட்கார வைத்து, மீண்டும் இடப்பக்கப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.